ஒற்றை ஆர்டரை வைத்து ஒரு தலைமுறையை எடைபோடலாமா?

1988 ஆகஸ்டில் 'லான்செட்' மருத்துவ இதழில் ஐசிஸ்-2 என்ற பெரிய ஆய்வின் முடிவு வெளியானது. மாரடைப்பு என்ற சந்தேகத்தோடு மருத்துவமனையில் சேர்ந்த 17,187 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு அது. ஆஸ்பிரின் பெற்றவர்களிடம் முதல் ஐந்து வாரங்களில் இதய, ரத்தநாளக் கோளாறுகளால் நேர்ந்த இறப்பு 23 சதவீதம் குறைந்திருந்தது. மறுக்க முடியாத பலன். ஆனால் கட்டுரையைப் பரிசீலித்த இதழாசிரியர்களுக்கு அது போதவில்லை. நோயாளிகளைப் பல பிரிவுகளாகப் பிரித்து, யாருக்குப் பலன் அதிகம், யாருக்குக் குறைவு என்று காட்டச் சொன்னார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவும் அவருடைய குழுவினரும் அதற்கு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்கள். மற்ற பிரிவுகளோடு ராசி வாரியான பிரிவும் அச்சில் வர வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. பிறந்த தேதியை வைத்து மேலைநாட்டு முறைப்படி பிரித்தபோது மிதுனம், துலாம் ஆகிய இரண்டு ராசிக்காரர்களுக்கு மட்டும் ஆஸ்பிரினால் நன்மை இல்லை, இறப்பு 9 சதவீதம் கூடியதுபோலத் தெரிந்தது. மற்ற பத்து ராசிக்காரர்களுக்கோ 28 சதவீதம் குறைந்திருந்தது. ஆஸ்பிரினுக்கு ராசி தெரியாது. 17,000 பேரின் தரவையே 12 துண்டாக்கினால் இப்படிப்பட்ட பொய்த் தோற்றம் எழும் என்பதைக் காட்டத்தான் அந்த வரியை அவர்கள் அச்சேற்றினார்கள்.

இன்று அதே 12 துண்டு ஒவ்வொரு சிறு வியாபாரியின் கைப்பேசியிலும் வந்து நிற்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களுக்கான ஆட்ஸ் மேனேஜரிலும், கூகுள் ஆட்ஸிலும் 'வயது, பாலினம்' என்று பிரித்துக் காட்டச் சொன்னால், 18-24, 25-34, 35-44, 45-54, 55-64, 65-க்கு மேல் என ஆறு வயது வரிசைகளும், ஒவ்வொன்றிலும் ஆண், பெண் என்ற பிரிவும் திரையில் விரியும். 'தெரியாதவர்' என்று இன்னொரு வரிசையும் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே செலவான தொகை, கிடைத்த கன்வர்ஷன், ஒரு கன்வர்ஷனுக்கு ஆன செலவு. விளம்பரத்தைப் பார்த்தவர் கடைக்காரர் விரும்பிய செயலைச் செய்து முடிப்பதுதான் கன்வர்ஷன். சேலைக் கடைக்கு அது ஆர்டர், டியூஷன் சென்டருக்கு அது விசாரிப்பு, வங்கிக்கு அது விண்ணப்பம்.

ஐசிஸ்-2 ஆய்வில் 17,000 பேர் இருந்தும் அந்தத் தடுமாற்றம். சிறு கடையின் மாத அறிக்கையில் மொத்தமே 60 ஆர்டர்தான் இருக்கும். அதை 12 ஆகப் பிரித்தால் பாதி வரிகளில் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்றுதான் நிற்கும். அந்த வரிகளை வைத்து, 'வயதானவர்கள் வாங்குவதில்லை', 'இளைஞர்களுக்குக் காட்டுவது வீண்' என்று தீர்மானங்கள் எடுக்கப்படுகின்றன. ஒருமுறை எடுத்த தீர்மானம் எளிதில் திரும்பப் பெறப்படுவதும் இல்லை.

கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். மதுரைச் சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கும் கடை. ஒரு மாத விளம்பரச் செலவு ரூ.60,000, கிடைத்தவை 60 ஆர்டர்கள். ஆக, ஓர் ஆர்டருக்குச் சராசரி ரூ.1,000. இதில் 25-34 வயதுப் பெண்களுக்கு ரூ.18,000 செலவாகி 22 ஆர்டர்கள் வந்தன, ஓர் ஆர்டருக்கு ரூ.818. 55-64 வயதுப் பெண்களுக்கு ரூ.4,000 செலவாகி ஒரே ஓர் ஆர்டர், அதாவது ரூ.4,000. 65-க்கு மேற்பட்ட பெண்களுக்கு ரூ.1,000 செலவில் இரண்டு ஆர்டர், ஒன்றுக்கு வெறும் ரூ.500. 18-24 வயது ஆண்களுக்கு ரூ.1,500 செலவாகி ஆர்டரே இல்லை. மீதி வரிகள் இவற்றுக்கு இடையில் கிடக்கின்றன.

இந்த அறிக்கையைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது என்ன என்பது ஊகிக்கக்கூடியதே. 55-64 வயதுப் பெண்கள் 'மோசம்', நிறுத்து. 65-க்கு மேற்பட்டவர்கள் 'அபாரம்', பட்ஜெட்டைக் கூட்டு. பத்து வயது இடைவெளியில் பெண்களின் சேலை ஆசை எட்டு மடங்கு மாறிவிடுமா என்ற கேள்வி எழ வேண்டிய இடம் இது. செலவு என்ற கட்டத்தில் ரூபாய் எண்கள் அவ்வளவு துல்லியமாக நிற்பதால் அந்தக் கேள்வி எழுவதில்லை.

முதலில் பார்க்க வேண்டியது அந்த ரூபாய்க் கட்டத்தை அல்ல, ஆர்டர் எண்ணிக்கையை. அதற்கு அடுத்து கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எல்லா வயதினரும் ஒரே மாதிரி, ரூ.1,000-க்கு ஓர் ஆர்டர் என்ற கணக்கில்தான் வாங்குகிறார்கள் என்றால் இந்த வரியில் எத்தனை ஆர்டர் வந்திருக்க வேண்டும்? 55-64 வயதுப் பெண்களுக்கு ரூ.4,000 செலவு என்றால் எதிர்பார்ப்பு நான்கு. வந்தது ஒன்று. எதிர்பார்ப்பு நான்காக இருக்கும் இடத்தில் தற்செயலாக ஒன்றோ அதற்கும் குறைவோ வருவதற்கான வாய்ப்பு 9 சதவீதம். தனியாகக் கேட்டால் இது கொஞ்சம் அரிதாகத் தோன்றும். ஆனால் பார்ப்பது ஒரு வரியை அல்ல, பன்னிரண்டு வரிகளை. பன்னிரண்டில் ஏதாவது ஒரு வரி இப்படி விழுவது வழக்கமான நிகழ்ச்சி.

65-க்கு மேற்பட்ட பெண்கள் வரியில் எதிர்பார்ப்பு ஒன்று, வந்தது இரண்டு. ஒன்றை எதிர்பார்க்கும் இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ வரும் வாய்ப்பு 26 சதவீதம், நான்கு மாதங்களில் ஒரு மாதம் நடக்கக்கூடியது. ஆர்டரே வராத இளம் ஆண்கள் வரியில் எதிர்பார்ப்பு ஒன்றரை. அங்கே பூஜ்யம் வரும் வாய்ப்பு 22 சதவீதம். பன்னிரண்டு வரிகளையும் சேர்த்துச் சோதித்தாலும் விடை இதுதான்: எல்லாப் பிரிவினரும் உண்மையில் ஒரே மாதிரி வாங்குபவர்களாக இருந்தாலும், இந்த அளவோ இதைவிட அதிகமோ ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தானாகவே தோன்றும். ரூ.500-க்கும் ரூ.4,000-க்கும் இடையில் அறிக்கை காட்டிய அத்தனை பெரிய பள்ளமும் வெறும் தற்செயலால் உண்டாகக் கூடியது.

நாணயத்தைச் சுண்டிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டு பிரிவுகளுக்குச் சமமாகச் செலவிட்டு, ஒன்றில் பத்து, இன்னொன்றில் ஐந்து ஆர்டர்கள் வந்தால், 'இரண்டு மடங்கு' என்று எழுதத் தோன்றும். 15 ஆர்டர்களையும் 15 முறை சுண்டிய நாணயமாக நினைத்துப் பாருங்கள். எந்தக் குறையும் இல்லாத நாணயம்கூட 15 சுண்டலில் ஏதாவது ஒரு பக்கம் பத்தோ அதற்கு மேலோ விழுவது நூற்றுக்கு முப்பது முறை நடக்கும். அதே இரட்டிப்பு 30-க்கு 15 என்று வந்தால்தான், 'இது தற்செயல் இல்லை போலிருக்கிறது' என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். விகிதம் மாறவில்லை, எண்ணிக்கை மட்டும் மூன்று மடங்கு. சிறு வரிகளின் சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

பெரிய வரியும் முழுக்கத் திடமானதல்ல. 22 ஆர்டர் வந்த 25-34 வயதுப் பெண்கள் வரியில்கூட, ஓர் ஆர்டருக்கான உண்மையான செலவு ரூ.540-க்கும் ரூ.1,300-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்றுதான் புள்ளியியல் முறைப்படி சொல்ல முடியும். ஒரே ஓர் ஆர்டர் வந்த வரியிலோ கீழ் எல்லை சுமார் ரூ.720, மேல் எல்லை லட்சத்தையும் தாண்டும். அதாவது அந்த 'மோசமான' வரி, கடையின் சராசரியைவிட நல்ல வரியாகவே இருக்கலாம். அறிக்கையில் ரூ.4,000 என்று அச்சாகியிருப்பது பொய்யல்ல. அதற்கு அந்த மாதத்தைத் தாண்டிப் பேசும் சக்தி இல்லை என்பதே விஷயம்.

பட்டியலைச் செலவு வாரியாக வரிசைப்படுத்தினால் இந்த மயக்கம் இன்னும் கூடும். உச்சியிலும் அடியிலும் எப்போதும் சிறு வரிகளே வந்து உட்காரும். அமெரிக்காவில் மாவட்ட அளவிலான கவுன்ட்டிகளைச் சிறுநீரகப் புற்றுநோய் விகிதப்படி வரைபடமாக்கியபோது இதே நிலைமை வந்தது. நோய் மிகக் குறைவாக இருந்த கவுன்ட்டிகள் மக்கள்தொகை குறைந்த கிராமப்புறத்தவை. நோய் மிக அதிகமாக இருந்தவையும் அதே மாதிரி மக்கள்தொகை குறைந்த கிராமப்புறத்தவையே. நல்ல காற்று, புகையிலை என்று இரு பக்கமும் காரணம் சொல்லிவிட முடியும். ஆனால் சிறிய ஊரில் ஒரு நோயாளி கூடினாலோ குறைந்தாலோ விகிதம் தாவிவிடுகிறது என்பதுதான் முதல் காரணம். புள்ளியியலாளர் ஹோவர்ட் வெய்னர் 2007-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். விளம்பர அறிக்கையில் முதலிடம் பிடித்த 65-க்கு மேற்பட்ட பெண்களும், கடைசி இடம் பெற்ற 55-64 வயதுப் பெண்களும் இதே வகை.

பூஜ்யத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மருத்துவத்தில் 'மூன்றின் விதி' என்று அழைக்கப்படுவது அது. 1983-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஹேன்லி, லிப்மேன்-ஹேண்ட் ஆகியோரின் கட்டுரையால் பரவலானது. நூறு பேருக்கு மருந்து கொடுத்து ஒருவருக்கும் பக்கவிளைவு வரவில்லை என்றால் பக்கவிளைவே இல்லை என்று பொருளல்ல, நூற்றுக்கு மூன்று வரை இருக்கலாம் என்று பொருள். விளம்பரத்துக்கு அதைக் கொண்டுவந்தால், ஓர் ஆர்டருக்குத் தாங்கக்கூடிய செலவு ரூ.1,000 என்னும் கடை, ஒரு வரியில் ரூ.3,000 வரை செலவழித்தும் ஓர் ஆர்டர்கூட வராதபோதுதான் அந்த வரியைச் சந்தேகிக்கத் தொடங்கலாம். ரூ.1,500-இல் பூஜ்யம் என்பது இன்னும் எதையும் சொல்லவில்லை. அந்த ரூ.3,000 விதியும் முன்கூட்டியே கவனிக்கத் தீர்மானித்த ஒரு வரிக்குத்தான். பன்னிரண்டு வரிகளில் தேடிப் பிடித்த பூஜ்யத்துக்கு இன்னும் கூடுதல் பொறுமை தேவை.

அப்படியானால் சிறு வரிகளை என்னதான் செய்வது? தூக்கி எறியவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். சராசரியின் பக்கம் கொஞ்சம் இழுத்துப் படிப்பது புள்ளியியலாளர்கள் பல காலமாகக் கையாளும் வழி. ஒவ்வொரு வரியிலும் கடையின் சராசரி விலையில் ஐந்து கற்பனை ஆர்டர்களைச் சேர்த்துவிடுங்கள். அதாவது செலவில் ரூ.5,000, ஆர்டரில் ஐந்து. இப்போது 55-64 வயதுப் பெண்கள் வரி ரூ.9,000-க்கு ஆறு ஆர்டர், ஒன்றுக்கு ரூ.1,500. 65-க்கு மேற்பட்டவர்கள் ரூ.6,000-க்கு ஏழு, ஒன்றுக்கு ரூ.857. 22 ஆர்டர் வந்த 25-34 வயதுப் பெண்களோ ரூ.23,000-க்கு 27, ஒன்றுக்கு ரூ.852. 'அபாரம்' என்று தோன்றிய வரியும், உழைத்துப் பெற்ற பெரிய வரியும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. பெரிய வரி இடம் பெயரவே இல்லை எனலாம். சிறு வரிகள்தான் அடங்குகின்றன. ஐந்து என்பது சாத்திரமல்ல. பிரிவுகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்க வாய்ப்பில்லை என்று கருதும் கடை பத்துகூடச் சேர்க்கலாம். ஆனால் அந்த எண்ணை அறிக்கையைத் திறக்கும் முன்பே முடிவுசெய்துவிட வேண்டும்.

வரிகளைச் சேர்ப்பது இன்னொரு வழி. 45-க்கு மேற்பட்ட பெண்கள் மூன்று வரிகளில் சிதறிக் கிடக்கிறார்கள் என்றால் ஒன்றாக்கிப் பார்க்கலாம். நம் கடையில் 45-54 வயதுப் பெண்களுக்கு ரூ.8,000 செலவில் ஆறு ஆர்டர் வந்திருந்தது. மூன்றையும் கூட்டினால் ரூ.13,000-க்கு ஒன்பது, ஓர் ஆர்டருக்கு ரூ.1,444. இதுவும் தற்செயலின் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த மூன்று மாதங்களுக்குக் கண்காணிக்கத் தகுந்த ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. மாதங்களைச் சேர்க்கும்போது தீபாவளி மாதத்தையும் ஆடித் தள்ளுபடியையும் சாதாரண மாதத்தோடு கலந்தால் வயதின் விளைவும் பண்டிகையின் விளைவும் பிரித்தறிய முடியாதபடி குழம்பும். கடந்த சில நாட்களின் வரிகளையும் விட்டுவிடுவது நல்லது. இன்று விளம்பரத்தைத் தட்டியவர் ஒரு வாரம் கழித்து வாங்கினாலும் அந்த ஆர்டர் விளம்பரக் கணக்கில் வந்து சேரலாம். செலவு உடனே ஏறிவிடும், ஆர்டர் பின்னால்தான் வரும்.

இவ்வளவு கவனித்தாலும் தப்பிக்க முடியாத ஒரு பொறி இந்தத் தளங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்பதைக் கடைக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை. தளத்தின் கணிப்புமுறை நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. அடுத்த ஆர்டர் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று பார்த்துச் செலவை அந்தப் பக்கம் நகர்த்துகிறது. 65-க்கு மேற்பட்டவர்களிடம் முதல் இரண்டு ஆர்டர் மலிவாகக் கிடைத்திருக்கலாம். அந்த வட்டம் சிறியது, மூன்றாவது ஆர்டருக்கு ரூ.2,000 ஆகும் என்று கணித்தால் அது விலகிவிடும். அறிக்கையில் தெரிவது சராசரிச் செலவு, தளம் பார்ப்பதோ அடுத்த ஆர்டரின் செலவு. இதனால் அதிகச் செலவு பெற்ற வரி மோசமாகவும், செலவு குறைந்த வரி அருமையாகவும் தெரியும். மெட்டா நிறுவனமே இதைத் தன் விளம்பரதாரர்களுக்கு 'பிரேக்டவுன் எஃபெக்ட்' என்ற பெயரில் விளக்கி, தனி வரியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறது. இன்னொன்றும் சொல்லிவருகிறது: ஓர் ஆட் செட்டின் கணிப்பு நிலைபெற வாரத்துக்குச் சுமார் 50 கன்வர்ஷன்கள் வேண்டும். மாதத்துக்கு 60 ஆர்டர் வாங்கும் கடை வாரத்துக்கு 15-தான் தொடுகிறது. அதையும் வயதுக்கொன்றாக உடைத்தால் எந்தத் துண்டும் கற்றுக்கொள்ளாது.

வரியின் தலைப்பையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. '35-44, ஆண்' என்பது அந்தக் கணக்குக்குத் தளம் சூட்டிய அடையாளம். அம்மாவுக்குச் சேலை பிடித்துப்போய் மகன் தன் கைப்பேசியில் ஆர்டர் போட்டாலும், கணவர் பெயரிலுள்ள கணக்கில் மனைவி வாங்கினாலும் அது ஆண் வரியில்தான் விழும். கூகுளில் வயதும் பாலினமும் பல சமயம் பயன்பாட்டை வைத்துச் செய்த ஊகம். 'தெரியாதவர்' வரியை உதவாதது என்று நீக்கிவிடுகிறவர்கள், ஊகிக்க முடியாத எல்லா வாடிக்கையாளர்களையும் ஒரே அடியில் வெளியே நிறுத்துகிறார்கள்.

சேலை விற்பனையில் இதனால் வருவது பண நட்டம். வேலை, வீடு, கடன் போன்றவற்றின் விளம்பரங்களில் இதே பழக்கம் அநியாயமாகிறது. லண்டன் பிசினஸ் ஸ்கூலின் அன்யா லாம்ப்ரெக்ட், எம்ஐடியின் கேத்தரின் டக்கர் ஆகிய இருவரும் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளில் வேலைவாய்ப்பை அறிவிக்கும் விளம்பரம் ஒன்றை 191 நாடுகளில் ஓடவிட்டார்கள். ஆண், பெண் இருபாலருக்கும் சமமாகக் காட்டச் சொல்லியிருந்தும் பெண்களைவிட ஆண்கள் 20 சதவீதத்துக்கு மேல் அதிகமாகப் பார்த்தார்கள். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அந்த அறிக்கையைப் படித்திருந்தால் முழுத் தவறு. பார்த்த பெண்கள் ஆண்களைவிடக் கூடுதலாகவே அந்த விளம்பரத்தைத் தட்டினார்கள். இளம்பெண்களின் பார்வைக்காக மற்ற விளம்பரதாரர்கள் அதிக விலை கொடுப்பதால், செலவைச் சுருக்கும் கணிப்புமுறை ஆண்கள் பக்கம் சாய்ந்ததே காரணம் என்று 2019-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை காட்டியது. ஒரு வரியில் ஆர்டர் குறைவு என்றால், அந்தப் பிரிவினர் வாங்கவில்லை என்பதற்கு முன்பு, அவர்களுக்குக் காட்டினோமா என்று கேட்க வேண்டும். அதே ஆண்டில், சிவில் உரிமை அமைப்புகள் தொடுத்த வழக்குகளுக்குச் சமரசமாக, அமெரிக்காவில் வேலை, வீடு, கடன் விளம்பரங்களை வயது, பாலினம் பார்த்துக் குறிவைக்கும் வசதியை ஃபேஸ்புக் நீக்க ஒப்புக்கொண்டது.

சிறு வரிகளுக்குத் தனிமனித அந்தரங்கம் என்ற முகமும் உண்டு. ஒரு சிற்றூரில் '65-க்கு மேல், பெண், ஒரு ஆர்டர்' என்று அறிக்கை சொன்னால் அந்த ஒருவர் யார் என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாங்கியது சேலை என்றால் பரவாயில்லை. மருந்தோ, மனநல ஆலோசனையோ என்றால்? கூகுள் அனலிட்டிக்ஸ் வயது, பாலின விவரங்களில் ஆட்கள் மிகக் குறைவான வரிகளைக் காட்டாமல் மறைத்துவிடுவது இதற்காகவே. அப்படி மறைந்த வரியைப் பூஜ்யம் என்று எண்ணிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். மொத்தத்தோடு வரிகளின் கூட்டல் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் இந்தப் பிழை உடனே பிடிபடும்.

மாதக் கடைசியில் முதலாளியிடம் போகும் அறிக்கையின் எழுத்து நடையையும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். '55-64 வயதுப் பெண்களுக்கு ஓர் ஆர்டருக்கு ரூ.4,000 ஆகிறது' என்று எழுதாமல், 'ரூ.4,000 செலவில் நான்கு எதிர்பார்த்தோம், ஒன்று வந்தது. முடிவுசெய்யப் போதாது' என்று எழுதலாம். பத்து ஆர்டருக்குக் குறைந்த வரிகளில் ஓர் ஆர்டருக்கான செலவு என்ற கட்டத்தையே வெறுமையாக விட்டு, எண்ணிக்கையை மட்டும் போடலாம். ஒரு பிரிவு உண்மையிலேயே விலை கூடியதா என்பது கடைக்கு முக்கியமான கேள்வி என்றால், அதற்கென ஒரு தொகையை ஒதுக்கி, இத்தனை ஆர்டர் வரும்வரை அல்லது இத்தனை ரூபாய் தீரும்வரை நிறுத்துவதில்லை என்று முன்னதாகவே எழுதி வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாத கடைக்கு, வயதுக் கட்டங்களை அப்படியே திறந்து விட்டு, புகைப்படத்தையும் விலையையும் கவனிப்பதே லாபம். 60 ஆர்டர்களால் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. இரண்டு கேள்விகளுக்கு ஓரளவு சொல்லும்.